இயந்திர நடையும் நிறுத்தக்குறிகளும்

நிறுத்தக்குறிகளைப் பார்த்தே ஓர் எழுத்தை இயந்திரம் எழுதியது என்று வாசகர்கள் தீர்மானிக்கும் வழக்கம் மிகப் புதியது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியான பிறகு, ஆங்கிலம் வாசிப்பவர்களிடையே அது தொடங்கியது. வாக்கியத்துக்கு நடுவே அடிக்கடி வரும் நீளக் கோடு, எதையோ அறிவிக்கப்போவதுபோல் நிறுத்திவைக்கும் முக்காற்புள்ளி, ஒரே அளவில் வெட்டி அடுக்கிய சொற்றொடர்கள் ஆகிய மூன்றும் அதன் முக்கிய அடையாளங்களாகப் பேசப்பட்டன. இப்போது அதே அடையாளங்கள் தமிழிலும் தென்படுகின்றன. பள்ளி ஆண்டுமலரின் கட்டுரையிலும் கடைத் திறப்பு விழா அறிவிப்பிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் நீண்ட வாழ்த்துச் செய்தியிலும் அவற்றைக் காணலாம்.

இந்தக் குறிகளையும் அடுக்குகளையும் உருவாக்கியவர்கள் மனிதர்கள்தான். நூற்றாண்டுகளாக நல்ல எழுத்தாளர்கள் இவற்றைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஆகவே ஒரு கோட்டைக் கண்டதும் எழுதியவரைச் சந்தேகிப்பது அநியாயமாகிவிடும். அந்தக் குறி எந்த இடத்தில், எந்த வேலைக்காக வந்திருக்கிறது என்று பார்த்தால்தான் பழக்கம் எது, தேவை எது என்பது புலப்படும். அதற்கு ஒவ்வொரு குறியும் முதலில் எதற்காக ஏற்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நீளக் கோடு

அச்சுத் தொழிலில் மூன்று படுக்கைக் கோடுகள் வழங்குகின்றன. மிகச் சிறியது இணைப்புக்குறி எனப்படும் ஹைஃபன். இரண்டு சொற்களைச் சேர்க்கவும், வரி முடிவில் இடம் போதாமல் உடையும் சொல்லைக் காட்டவும் அது பயன்படுகிறது. அடுத்தது என்-டேஷ். 1939 முதல் 1945 வரை என்பது போன்ற கால எல்லையையும், இரண்டு ஊர்களுக்கு இடையே ஓடும் ரயிலின் பாதையையும் குறிக்க அது வரும். எல்லாவற்றிலும் நீளமானது எம்-டேஷ். எழுத்து எந்தப் பாயின்ட் அளவில் அச்சாகிறதோ, மரபுப்படி அந்த அளவே அதன் அகலம். 12 பாயின்ட் எழுத்தில் அதுவும் 12 பாயின்ட் அகலம் இருக்கும். யூனிகோடில் அதன் எண் U+2014. இயந்திர எழுத்தின் அடையாளமாகப் பேசப்படுவது இந்தக் கடைசிக் கோடுதான்.

ஆங்கில உரைநடையில் இதற்குத் தெளிவான வேலை உண்டு. ஆங்கில வாக்கியத்தில் எழுவாயும் வினையும் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், முக்கியச் செய்தி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதன்பின் நினைவுக்கு வரும் விளக்கத்தையோ திருத்தத்தையோ திடீர்த் திருப்பத்தையோ வாக்கியத்தின் வாலில் சேர்க்க வேண்டுமானால் ஓர் இணைப்பு தேவைப்படுகிறது. நீளக் கோடு அந்த இணைப்பைத் தருகிறது. இடையில் ஒரு செருகலை வைக்க வேண்டுமானாலும் இரண்டு கோடுகளுக்குள் வைத்துவிடலாம். காற்புள்ளியைவிட அழுத்தமாகவும் அடைப்புக்குறியைவிட வெளிப்படையாகவும் அது ஒலிக்கும்.

இந்தக் குறி ஒருவரின் குரலாகவே ஆகிவிடக்கூடும் என்பதற்கு அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் சான்று. தம் கையெழுத்துப் பிரதிகளில் அவர் கோடுகளைத் தாராளமாக இட்டிருந்தார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1890இல் முதல் தொகுப்பு வெளிவந்தபோது பதிப்பாசிரியர்கள் அவற்றில் பலவற்றை நீக்கிவிட்டு வழக்கமான குறிகளைப் போட்டார்கள். தாமஸ் ஜான்சன் 1955இல் கொண்டுவந்த பதிப்பில்தான் அந்தக் கோடுகள் திரும்பின. கோடு அடிக்கடி வருவதே இயந்திரத்தின் அடையாளம் என்றால் டிக்கின்சனின் கவிதைகளையும் இயந்திரத்தின் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

அப்படியிருந்தும் வாசகர்களின் கண்ணில் இந்தக் கோடு உறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. தட்டச்சுப் பொறியில் இதற்கென்று விசை இருந்ததில்லை. இரண்டு ஹைஃபன்களை அடுத்தடுத்துத் தட்டி ஒப்பேற்றினார்கள். கணினி விசைப்பலகையிலும் இதற்குத் தனி விசை வரவில்லை. வேர்ட் மென்பொருளில் இரண்டு ஹைஃபன்களைத் தட்டினால் அது தானாக நீளக் கோடாக மாற்றிக் கொடுக்கும். கைபேசியில் ஹைஃபனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் கோடுகள் மேலெழும். இத்தனை சிரமப்பட்டுச் சாதாரண மனிதர் ஒரு குறுஞ்செய்தியில் அதை இடுவது அரிது. புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் அந்தக் கோட்டை முறையாக இட்டவர்கள் பெரும்பாலும் பதிப்பாசிரியர்களும் அச்சுக்கோப்பவர்களும்தான். ஆகவே பதிப்பகத்துக்கு உரிய குறி, விடுப்புக் கடிதத்திலும் நலம் விசாரிக்கும் செய்தியிலும் வரத் தொடங்கியபோது வாசகர்கள் திகைத்தார்கள்.

தமிழில் இந்த உறுத்தல் இன்னும் கூடுதல். தமிழ் வாக்கியத்தில் விளக்கங்கள் முன்னால் வந்து, முற்றுவினை கடைசியில் நின்று வாக்கியத்தை மூடுகிறது. வினை வந்துவிட்டால் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது என்று காது எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு கோடு போட்டு ஒரு துண்டைத் தொங்கவிடுவது இந்த அமைப்புக்கு எதிரானது. "அவர் ஊருக்குத் திரும்பினார் — இருபது ஆண்டுகளுக்குப் பிறகு" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அந்தக் கோடு ஓர் அழுத்தத்தைத் தருகிறது. அதே அழுத்தத்தைத் தமிழில் தருவதற்கு ஏகாரமும் 'தான்' என்ற சொல்லும் இருக்கின்றன. "அவர் ஊருக்குத் திரும்பியதே இருபது ஆண்டுகள் கழித்துத்தான்" என்று எழுதினால் கோடு இல்லாமலே அழுத்தம் வந்துவிடுகிறது. அழுத்தம் தேவையில்லை என்றால் "இருபது ஆண்டுகள் கழித்து அவர் ஊருக்குத் திரும்பினார்" என்பதே போதும்.

தமிழ் எழுத்து நிறுத்தக்குறிகள் இல்லாமலே நெடுங்காலம் இயங்கியதும் இதனால்தான். ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடம்கூட விடாமல் தொடர்ந்து எழுதினார்கள். வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை முற்றுவினையும், எப்படித் தொடர்கிறது என்பதை எச்சங்களும் உருபுகளும் சொல்லிவிட்டன. அச்சுக்கலையும் ஐரோப்பியத் தொடர்பும் வந்த பிறகே குறிகள் தமிழுக்குள் நுழைந்தன. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் அவற்றை ஒழுங்காகக் கையாண்டு பரப்பினார். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் வாசிப்பை எளிதாக்கியதால் தமிழில் நிலைபெற்றன. நீளக் கோட்டுக்குத் தமிழில் அவ்வளவு வேலை இருக்கவில்லை.

முக்காற்புள்ளி

இரண்டு புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் முக்காற்புள்ளி தமிழர்களுக்கு நன்கு பழகியது. திருமண அழைப்பிதழில் நாள், இடம், நேரம் ஆகிய சொற்களை அடுத்து அது வருகிறது. நாடகத்தில் பாத்திரத்தின் பெயருக்கும் பேச்சுக்கும் நடுவே நிற்கிறது. பேட்டியில் கேள்வியையும் பதிலையும் பிரித்துக் காட்டுகிறது. இவை அனைத்திலும் இடப்பக்கம் ஒரு பெயரும் வலப்பக்கம் அதற்குரிய விவரமும் இருக்கின்றன. இந்த வேலைக்கு இதைவிடச் சிறந்த குறி இல்லை.

இயந்திர நடையில் அது வேறு வேலைக்கு வருகிறது. "உண்மை எளிது:" என்றும் "காரணம் இதுதான்:" என்றும் ஒரு சிறு அறிவிப்பு வந்து நிற்கும். வாசகர் காத்திருக்க, அடுத்து வருவது பெரும்பாலும் அந்த அறிவிப்புக்குத் தகுதியில்லாத பொதுவான கருத்தாக இருக்கும். பத்திக்குப் பத்தி இப்படி வந்தால் ஒவ்வொரு முறையும் திரை விலகி வெறும் மேடை தெரிவதுபோல் ஆகிவிடும். தலைப்புகளிலும் இதே அச்சு திரும்பத் திரும்ப வருகிறது. "பொங்கல்: உழவின் பெருமை", "நூலகம்: அறிவின் வாசல்" என்று, ஒரு சொல்லும் அதற்கு ஒரு பட்டமும் வைத்தால் எந்தப் பொருளுக்கும் தலைப்பு தயாராகிவிடுகிறது.

மற்றொரு வடிவம் பட்டியல். ஒரு வரியின் தொடக்கத்தில் தடித்த எழுத்தில் இரண்டு சொற்கள், பிறகு முக்காற்புள்ளி, பிறகு ஒரு வாக்கியம் என்று நான்கைந்து வரிகள் வரும். இந்தத் தடித்த எழுத்தைக் காட்டுவதற்கு உரையாடல் செயலிகள் சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறிகளை இடுகின்றன. அந்த உரையை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டும்போது நட்சத்திரங்கள் அப்படியே தங்கிவிடுவது உண்டு.

```
**சேமிப்பு:** மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்குங்கள்.
**திட்டமிடல்:** செலவுகளை எழுதி வையுங்கள்.
```

ஒரு கட்டுரையிலோ கடிதத்திலோ இந்த நட்சத்திரங்கள் தென்பட்டால், அந்தப் பகுதி செயலியிலிருந்து எடுத்து ஒட்டியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கணினி உலகில் இப்படிக் குறியிட்டு எழுதிப் பழகிய மனிதர்களும் இருக்கிறார்கள். ஆனால் திருமண வாழ்த்தில் அவர்களும் அப்படி எழுதமாட்டார்கள்.

தொடர் உரைநடையில் முக்காற்புள்ளி செய்யும் வேலையைத் தமிழ் வேறு சொற்களுக்குக் கொடுத்திருக்கிறது. காரணம் சொல்ல 'ஏனெனில்', 'என்பதால்' ஆகியவை உண்டு. ஒன்றை விரித்துச் சொல்ல 'அதாவது' உண்டு. ஒருவர் சொன்னதையும் நினைத்ததையும் இணைக்க 'என்று' உண்டு. "அவர் ஒன்றை உணர்ந்தார்: நேரம் போதாது" என்பதை "நேரம் போதாது என்று அவர் உணர்ந்தார்" என்று சொல்வதே தமிழின் இயல்பு. இப்படி மாற்றும்போது இரண்டு துண்டுகளுக்கு இடையிலான உறவு காரணமா, விளக்கமா, விளைவா என்று எழுதுபவர் முடிவுசெய்ய வேண்டியிருக்கும். முக்காற்புள்ளி போட்டுவிட்டால் அந்த முடிவை எடுக்காமல் தப்பிவிடலாம். அது பழக்கமாவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அளவெடுத்த அடுக்கு

ஒரே அமைப்புள்ள தொடர்களை அடுக்குவது தமிழுக்கு அந்நியம் இல்லை. சொற்களை ஒரு வரிசையில் நிறுத்தி, அவற்றுக்குரிய பொருள்களையும் அதே வரிசையில் நிறுத்துவதைத் தண்டியலங்காரம் நிரல்நிறை அணி என்கிறது. 20ஆம் நூற்றாண்டின் மேடைகளில் அண்ணாவும் கருணாநிதியும் அடுக்குமொழியை மக்கள் விரும்பிக் கேட்கும் கலையாக்கினார்கள். எதுகை மோனையோடு அலையலையாக வரும் அந்தத் தொடர்கள், திறந்த வெளியில் நின்று கேட்கும் ஆயிரக்கணக்கானோரின் காதுக்காகச் செய்யப்பட்டவை. கேட்பவர் மனத்தில் பதியவும், கைதட்டலுக்கு இடம் கொடுக்கவும், பேச்சின் வேகத்தை ஏற்றவும் அவை உதவின.

இயந்திரம் தரும் அடுக்கில் அந்த ஒலிநயம் பெரும்பாலும் இருப்பதில்லை. அதன் அச்சுகள் சிலவே. முதலாவது மூன்று உறுப்புகளின் அடுக்கு. "அறிவைத் தருகிறது, மனதைத் திறக்கிறது, வாழ்வை மாற்றுகிறது" என்பது போன்ற தொடர், நூலகத்தைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் ஒரே மாதிரி வரும். இரண்டாவது மறுத்துவிட்டு நிறுவும் அமைப்பு. "இது வெறும் உணவு அல்ல, ஓர் உணர்வு" என்பது அதன் வடிவம். உணவை வெறும் உணவு என்று யாரும் சொல்லியிராதபோது அந்த மறுப்புக்கு எதிராளியே இல்லை. மூன்றாவது பத்தியின் கடைசியில் வரும் குறுகிய பொன்மொழி வாக்கியம். எதைப் பற்றிய பத்தியாக இருந்தாலும் அது ஒரு முழக்கத்தில் போய் முடியும்.

அடுக்கு தேவையால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. உறுப்புகளின் வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு ஒன்றை நீக்கிப் பார்க்க வேண்டும். "நாற்றங்காலில் விதைத்து, நாற்றைப் பறித்து, வயலில் நட்டார்கள்" என்ற தொடரில் வரிசையை மாற்றினால் பொருள் கெடும். ஒன்றை நீக்கினால் ஒரு வேலை விட்டுப்போகும். "அறிவைத் தருகிறது, மனதைத் திறக்கிறது, வாழ்வை மாற்றுகிறது" என்பதில் எதை எங்கே நகர்த்தினாலும், எதை எடுத்தாலும் இழப்பு இல்லை. இரண்டும் மூன்று உறுப்புகள் கொண்டவையே. முதல் தொடரில் வயல்வேலை அந்த எண்ணைத் தீர்மானித்தது, இரண்டாவதில் ஓசை நிறைவதற்காக அது வந்தது.

பழக்கம் எங்கிருந்து வந்தது

மொழி மாதிரிகள் என்று அழைக்கப்படும் இந்தச் செயலிகள், மிகப் பெரிய எழுத்துத் தொகுதியைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கக் கற்றுக்கொள்கின்றன. அந்தத் தொகுதியில் பதிப்பிக்கப்பட்ட ஆங்கில நூல்களும் கட்டுரைகளும் ஏராளம். நீளக் கோடு அங்கே இயல்பாகப் புழங்குகிறது. மேலும், கோட்டுக்குப் பிறகு விளக்கம் வரலாம், முரண் வரலாம், பட்டியலும் வரலாம். அடுத்து எது வந்தாலும் இலக்கணம் கெடாத இடம் அது. சொல் சொல்லாக முன்னேறும் ஓர் எழுத்துமுறைக்கு அப்படிப்பட்ட குறி வசதியானது.

அடுத்த கட்டத்தில் மனிதர்கள் வருகிறார்கள். ஒரே கேள்விக்கு மாதிரி தரும் இரண்டு பதில்களைப் பார்த்து எது மேல் என்று அவர்கள் குறிக்கிறார்கள். அந்தத் தேர்வுகளைக் கொண்டு மாதிரி மீண்டும் பயிற்றுவிக்கப்படுகிறது. நிறையப் பதில்களை ஒப்பிட வேண்டியவருக்கு, தலைப்பிட்டு, வரிசைப்படுத்தி, சமச்சீராக எழுதப்பட்ட பதில் முதல் பார்வையில் தெளிவாகத் தோன்றுவது இயற்கை. ஒரு தனிப் பதிலில் அந்த ஒழுங்கு நல்லதுதான். அந்த விருப்பம் கோடிக்கணக்கான பதில்களுக்குப் பொது விதியாகிவிட்டபோது, விளக்கவுரைக்கும் இரங்கல் செய்திக்கும் ஒரே உடை மாட்டப்பட்டது.

தமிழுக்கு வரும்போது மூன்றாவது காரணமும் சேர்கிறது. பயிற்சித் தொகுதியில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் மிகக் குறைவு. ஆகவே சொற்கள் தமிழாக இருந்தாலும் பத்தியின் கட்டமைப்பு ஆங்கிலத்திலிருந்து வருகிறது. கோடும் முக்காற்புள்ளியும் அந்தக் கட்டமைப்போடு சேர்ந்து வந்துவிடுகின்றன.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்த்தல்

மழைநீர் சேகரிப்பைப் பற்றி இயந்திர நடையில் ஒரு பத்தி எப்படி இருக்கும் என்பதற்கு இதோ ஒரு மாதிரி.

"மழைநீர் சேகரிப்பு — இது வெறும் தொழில்நுட்பம் அல்ல, ஒரு வாழ்வியல். ஒவ்வொரு துளியும் முக்கியம்: அது நிலத்தை நனைக்கிறது, கிணற்றை நிரப்புகிறது, எதிர்காலத்தைக் காக்கிறது. நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தார்கள் — ஏரிகள் வெட்டினார்கள், குளங்கள் தோண்டினார்கள், வாய்க்கால்கள் அமைத்தார்கள். இன்றைய கேள்வி தெளிவானது: சேமிக்கப் போகிறோமா, இழக்கப் போகிறோமா? நீரைக் காப்பது வெறும் கடமை அல்ல — அது அடுத்த தலைமுறைக்கு நாம் எழுதும் கடிதம்."

ஐந்து வாக்கியங்களில் மூன்று நீளக் கோடுகளும் இரண்டு முக்காற்புள்ளிகளும் இருக்கின்றன. 'வெறும்' என்று தொடங்கி 'அல்ல' என்று மறுக்கும் அமைப்பு முதல் வாக்கியத்திலும் கடைசி வாக்கியத்திலும் வருகிறது. மூன்று உறுப்பு அடுக்கு இரண்டு முறை வருகிறது. அதாவது ஒரு வாக்கியம்கூட இந்த அச்சுகளிலிருந்து தப்பவில்லை. கோடு ஒன்று வந்தது என்பதைவிட இந்தச் சீரான பரவல்தான் கவனிக்க வேண்டியது. மனிதர் எழுதும்போது ஒரு வாக்கியம் நீண்டு, அடுத்தது குறுகி, எங்கோ ஓரிடத்தில் அடுக்கு வந்து, வேறோர் இடத்தில் வெறும் தகவல் நிற்கும்.

இப்போது ஒவ்வொரு குறியையும் நீக்கி, அது மறைத்த உறவைச் சொல்லால் எழுதிப் பார்க்கலாம். முதல் கோட்டை நீக்கினால் "மழைநீர் சேகரிப்பு ஒரு வாழ்வியல்" என்பது மிஞ்சுகிறது. அதற்கு என்ன பொருள் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது வாக்கியத்தில் துளி நிலத்தை நனைப்பதும் கிணற்றை நிரப்புவதும் கண்ணால் காணும் செயல்கள். எதிர்காலத்தைக் காப்பது அவற்றோடு ஒட்டாமல் மூன்றாவது இடத்தை நிரப்ப வந்திருக்கிறது. மூன்றாவது வாக்கியத்தில் ஏரி வெட்டுவதும் குளம் தோண்டுவதும் ஏறக்குறைய ஒரே செயல்தான். நான்காவது வாக்கியத்தின் கேள்விக்கு இழக்கப் போகிறோம் என்று பதில் சொல்பவர் யாரும் இல்லை. ஐந்தாவதில் கடிதம் என்ற உவமை நீரைப் பற்றி எதையும் கூடுதலாகச் சொல்லவில்லை. குறிகளை எடுத்ததும் வாக்கியங்கள் சரிகின்றன. அவற்றைத் தாங்கி நிறுத்தியது குறிகள்தான்.

அதே விஷயத்தை அறிந்தவர் ஒருவர் எழுதினால் பத்தி இப்படி அமையலாம்.

"தமிழக அரசு 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஒரு வீட்டின் மொட்டைமாடி 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்யும்போது 1000 லிட்டர் நீர் விழுகிறது. அதைக் குழாய் வழியே இறக்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழியில் வடியவிட்டால் தூசி தங்கிவிடும், தெளிந்த நீர் மண்ணுக்குள் இறங்கும். குழியில் சேரும் சேற்றை மழைக்காலத்துக்கு முன்பே அள்ளாவிட்டால் நீர் இறங்காமல் வழிந்தோடிவிடும் என்பதால், அமைப்பைக் கட்டியதோடு வேலை முடிவதில்லை."

இதில் கோடும் இல்லை, முக்காற்புள்ளியும் இல்லை. அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று முயன்றதால் அப்படி அமையவில்லை. 'என்று வைத்துக்கொண்டால்', 'விட்டால்', 'என்பதால்' ஆகியவை வாக்கியங்களின் உறவுகளைச் சொல்லிவிட்டதால் குறிகளுக்கு வேலை இல்லாமல் போனது. மாடியின் பரப்பு, விழும் நீரின் அளவு, குழியின் உள்ளடக்கம், பராமரிக்காவிட்டால் நேரும் கேடு என்று சொல்ல விவரங்கள் இருந்ததால் முழக்கத்துக்கும் இடம் இல்லை.

அடையாளத்தின் எல்லை

இந்த அடையாளங்களை வைத்து ஒருவரைக் குற்றம்சாட்டலாமா என்றால், கூடாது என்பதே பதில். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இயந்திர எழுத்தைக் கண்டறியும் கருவி ஒன்றை வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே, இயந்திரம் எழுதிய ஆங்கில உரைகளில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திர எழுத்து என்று தவறாகக் காட்டியது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் கருவி திரும்பப் பெறப்பட்டது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கண்டறியும் கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளை அவற்றிடம் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளை ஏறக்குறையச் சரியாக இனங்கண்டன. கற்றுக்கொண்ட மொழியில் எழுதுபவர் பாதுகாப்பான சொற்களையும் பழகிய அமைப்புகளையும் நாடுவது இயல்பு. கருவிகள் அந்த எளிமையையே இயந்திரத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தில் விண்ணப்பமும் ஆய்வுக் கட்டுரையும் எழுதும் தமிழ் மாணவர்களுக்கும் இதே ஆபத்து இருக்கிறது.

மறுபக்கத்திலும் அடையாளம் வலுவிழந்து வருகிறது. நீளக் கோடு வேண்டாம் என்று பயனர் முன்கூட்டியே சொல்லிவைத்தால் சாட்ஜிபிடி இனி அதற்குக் கட்டுப்படும் என்று ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் 2025 நவம்பரில் அறிவித்தார். கோடுகளைத் தேடி, அவற்றின் இடத்தில் காற்புள்ளிகளைப் போடுவதும் சில நொடி வேலைதான். மேலே காட்டிய மாதிரிப் பத்தியில் அப்படிச் செய்து பார்த்தால், மூன்றடுக்குகளும் 'வெறும்' தொடர்களும் அசையாமல் நிற்கும். குறி போனாலும் நடை போவதில்லை. ஒரு கோடும் இல்லாத இயந்திர எழுத்து இருக்க முடியும், கோடுகள் நிறைந்த மனித எழுத்தும் இருக்க முடியும்.

ஆகவே ஆசிரியர்களும் பதிப்பாசிரியர்களும் குறிகளை எண்ணித் தீர்ப்பு எழுதக் கூடாது. மாணவரின் கட்டுரையில் ஐயம் எழுந்தால் அவரோடு உட்கார்ந்து, இந்த வாக்கியத்தில் என்ன சொல்ல வந்தாய் என்று கேட்பது மேல். அவரே சிந்தித்து எழுதியிருந்தால் விளக்குவார், எங்கிருந்து அந்தத் தகவல் கிடைத்தது என்றும் சொல்வார். பழைய கட்டுரைகளோடு ஒப்பிடுவதும், எழுதும்போது செய்த முன்வரைவுகளைப் பார்ப்பதும் குறிகளைவிட நம்பகமான சான்றுகள்.

எழுதுபவருக்கோ இந்த அடையாளங்கள் வேறு விதத்தில் பயன்படுகின்றன. இயந்திரத்தின் துணையோடு எழுதினாலும் தனியே எழுதினாலும், முடித்த பிறகு ஒவ்வொரு நீளக் கோட்டிலும் நின்று, இங்கே என்ன இணைப்புச் சொல் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். சொல் கிடைத்தால் கோட்டை எடுத்துவிட்டு அதை எழுதலாம். கிடைக்காவிட்டால் அந்த இரண்டு துண்டுகளுக்கும் உறவு இல்லை, ஒன்றை நீக்கிவிடலாம். மூன்று உறுப்பு அடுக்கு வந்தால் மூன்றும் தேவையா என்று பார்த்து, இரண்டு போதுமானால் இரண்டோடு நிறுத்தலாம். சிலசமயம் இத்தனை சோதனைக்குப் பிறகும் ஒரு கோடு தன் இடத்தில் உறுதியாக நிற்கும். அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். யாராவது சந்தேகப்படுவார்களோ என்று அஞ்சி, வேலை செய்கிற குறியை நீக்குவது வேலையில்லாத குறியை இடுவதற்கு இணையான தவறு.